பத்து வெற்றிகளுக்குப் பிறகு பன்னிரண்டு லாட்

2024 ஜூன் 1, சனிக்கிழமை மாலை. மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்ததும் கருத்துக்கணிப்புகள் வெளியாயின. ஆளும் கூட்டணி 350 இடங்களைத் தாண்டும் என்று பெரும்பாலானவை சொல்லின. சிலவற்றில் 400-ஐத் தொடவும் வாய்ப்பிருந்தது. திங்கட்கிழமை பங்குச் சந்தை திறந்தபோது நிஃப்டி குறியீடு துள்ளிக் குதித்தது. அன்று 733 புள்ளிகள் ஏறி 23,263.90-ல் முடிந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை வாக்கு எண்ணிக்கை. பா.ஜ.க.வுக்குத் தனிப்பெரும்பான்மை கிடைக்காது என்பது தெளிவாகத் தெளிவாக நிஃப்டி சரிந்தது. நாளின் நடுவே 21,281 வரை போய், 1,379 புள்ளிகள் இழந்து 21,884.50-ல் முடிந்தது. ஒரே நாளில் ஏறக்குறைய ஆறு சதவீதம். கொரோனாக் காலத்துக்குப் பிறகு அப்படியொரு சரிவை இந்தியச் சந்தை பார்த்ததில்லை.

இதுவரை சொன்னது பலருக்கும் நினைவிருக்கும். அந்த வாரத்தின் மீதிப் பாதியைப் பலர் மறந்துவிட்டார்கள். புதன்கிழமை நிஃப்டி 735 புள்ளிகள் ஏறியது. வியாழக்கிழமை மேலும் 201 ஏறி 22,821.40-ல் முடிந்தது. வாராந்திர ஆப்ஷன்கள் அப்போது வியாழக்கிழமைதான் காலாவதியாகும். ஆகவே வியாழக்கிழமை நிஃப்டி 22,500-க்குக் கீழே முடியாது என்று கணித்துத் திங்கட்கிழமை மாலை 22,500 புட் ஒன்றை விற்றுவிட்டு மூன்று நாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தவருக்கு, வாங்கிய பிரீமியம் முழுவதும் லாபம். அவருடைய கணிப்பு கடைசியில் சரியாகவே இருந்தது. ஆனாலும் அதே புட்டை, அதே விலையில், அதே கணிப்போடு விற்ற இன்னொருவர் செவ்வாய்க்கிழமை நண்பகலிலேயே பெரிய நஷ்டத்தோடு வெளியேற்றப்பட்டிருக்க முடியும். இரண்டு பேருக்கும் வித்தியாசம் லாட் எண்ணிக்கை, அதாவது எத்தனை கட்டு விற்றார்கள் என்பது மட்டுமே.

தொடர் வெற்றி ஒரு வியாபாரியின் தலைக்குள் என்ன செய்கிறது என்று விளக்க இதைவிடப் பொருத்தமான வாரம் எனக்குத் தெரியவில்லை. அதீத தன்னம்பிக்கை, அண்மைச் சார்பு, சூதாடியின் பிழை என்று உளவியலாளர்கள் மூன்றைத் தனித்தனியே பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். வியாபாரக் கணக்கில் அவை தனித்தனியாக வருவதில்லை. ஒன்று தொடங்கி வைக்கும், மற்றொன்று பெரிதாக்கும், மூன்றாவது நஷ்டத்துக்குப் பிறகும் ஆளை எழுந்து போகவிடாது.

ஒரு கற்பனை வியாபாரியை எடுத்துக்கொள்வோம். சந்தை எண்கள் எல்லாம் உண்மை. ஆள் மட்டும் கற்பனை. அவருடைய முதலீடு 10 லட்சம் ரூபாய். நிஃப்டி இருக்கும் இடத்திலிருந்து மூன்று சதவீதத்துக்கும் சற்று அதிகமாகக் கீழே ஒரு புட்டை விற்பது அவர் முறை. புட்டை விற்பவர், காலாவதி நாளில் நிஃப்டி ஸ்ட்ரைக் எனப்படும் குறிப்பிட்ட விலைக்குக் கீழே போனால் அந்த வித்தியாசத்தைத் தன் கையிலிருந்து கொடுப்பதாக ஒப்புக்கொள்கிறார். அந்த ஒப்புதலுக்குக் கூலிதான் பிரீமியம். நிஃப்டி அவ்வளவு கீழே போகாத வாரங்களே அதிகம் என்பதால் பெரும்பாலான வாரங்களில் கூலி அப்படியே பைக்குள் போகும். மூன்று லாட்டில் தொடங்கினார். கூடவே இன்னும் கீழே உள்ள ஒரு புட்டைக் கொஞ்சம் காசு கொடுத்து வாங்கி வைத்தார். சந்தை பெரிதாகச் சரிந்தால் அந்தப் புட் நஷ்டத்துக்கு ஒரு தரை போடும். ஹெட்ஜ் என்பது அதுதான்.

பத்து முறை தொடர்ந்து லாபம். பத்தாவதன் முடிவில் கணக்கில் 10,80,000 ரூபாய் இருக்கிறது. தொடக்கத்தில் இருந்த மூன்று லாட் ஐந்தாகி, எட்டாகி, இப்போது பன்னிரண்டாகியிருக்கிறது. ஹெட்ஜ் வாங்குவது ஆறாவது முறையோடு நின்றுவிட்டது. முதலீடு எட்டு சதவீதம் வளர்ந்திருக்கிறது. ஆபத்து நான்கு மடங்காகியிருக்கிறது. அவர் முதல் கணக்கைத்தான் பார்க்கிறார்.

இந்தப் பத்து வெற்றிகள் அவரைப் பற்றி உண்மையில் என்ன சொல்கின்றன? இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம். பெரும்பாலானவர்கள் போடுவதில்லை என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இரண்டு முறைகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் முறையில் நூற்றுக்கு 90 தடவை 5,000 ரூபாய் லாபம், 10 தடவை 60,000 ரூபாய் நஷ்டம். சராசரியாக ஒவ்வொரு வியாபாரத்திலும் 1,500 ரூபாய் கரையும் முறை இது. இரண்டாவதில் 95 தடவை 5,000 லாபம், ஐந்து தடவை மட்டும் 60,000 நஷ்டம். இதில் சராசரியாக 1,750 ரூபாய் சேரும். முதலாவது ஆளை மெல்ல மெல்லத் தெருவில் நிறுத்தும். இரண்டாவது பிழைக்க வைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலுமே பெரும்பாலான நாட்கள் 5,000 ரூபாய் வரவுதான்.

தெருவில் நிறுத்தும் முறையைப் பின்பற்றுபவருக்குப் பத்து வெற்றி தொடர்ந்து கிடைக்க என்ன வாய்ப்பு? 0.9-ஐப் பத்து தடவை பெருக்கினால் ஏறக்குறைய 35 சதவீதம். மூன்று பேரில் ஒருவருக்கு இது நடக்கும். நல்ல முறையைப் பின்பற்றுபவருக்கு 60 சதவீதம். தொடக்கத்தில் தன்னிடம் இருப்பது நல்ல முறையா கெட்ட முறையா என்று சமமாகச் சந்தேகப்பட்டவர், பத்து வெற்றிகளுக்குப் பிறகு நல்ல முறைதான் என்று 63 சதவீதம் நம்பலாம். அவ்வளவுதான். 37 சதவீதச் சந்தேகம் இன்னும் மிச்சமிருக்கிறது. 95 சதவீத உறுதி வேண்டுமானால் ஏறக்குறைய 55 வெற்றிகள் ஒன்றுகூடத் தவறாமல் தொடர்ந்து வர வேண்டும். நல்ல முறையிலேயேகூட அப்படி 55 வருவதற்கு ஆறு சதவீத வாய்ப்புதான் உண்டு. அதாவது, ஒருவர் தன் திறமை பற்றி நியாயமாக உறுதி கொள்வதற்குள் ஒரு பெரிய நஷ்டத்தை அநேகமாகப் பார்த்திருப்பார்.

நம் வியாபாரியின் மனம் 63 சதவீதத்தில் நிற்பதில்லை. 95-ஐயும் தாண்டிவிடுகிறது. அதீத தன்னம்பிக்கை என்பது இந்த இடைவெளிதான். ஆணவம், தலைக்கனம் என்று சொல்லிவிட்டால் விஷயம் தப்பிவிடுகிறது. அமைதியான, அடக்கமான ஆட்களுக்கும் இது வருகிறது. சிறிய சான்றுக்குப் பெரிய எடை கொடுப்பதுதான் கோளாறு. அதிக முறை சிறிதாக ஜெயித்து, எப்போதாவது பெரிதாகத் தோற்கும் வியாபாரத்தில் இந்தக் கோளாறு மிக வசதியாக வளர்கிறது. ஆப்ஷனை வாங்குபவருக்குச் சந்தை வாராவாரம் அடி கொடுத்து அடக்கத்தைக் கற்றுக்கொடுக்கும். விற்பவருக்கு அது வாராவாரம் கை கொடுத்துப் பாராட்டுகிறது.

தன்னம்பிக்கை மிகுந்தவர் என்ன செய்கிறார் என்பதைப் பற்றி அமெரிக்காவில் பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் இருவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு தள்ளுபடித் தரகு நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்த 66,465 குடும்பங்களின் 1991 முதல் 1996 வரையிலான வரவு செலவை அவர்கள் அலசினார்கள். மிக அதிகமாக வாங்கி விற்றவர்கள் ஆண்டுக்கு 11.4 சதவீதம் ஈட்டினார்கள். சந்தையோ அதே காலத்தில் 17.9 சதவீதம் ஏறியிருந்தது. அது பங்கு வாங்கி விற்ற கதை. கடன் வாங்கி ஆடும் ஆபத்து அதில் குறைவு. நம் ஊர் ஆப்ஷன் சந்தையில் வியாபார எண்ணிக்கை மட்டுமல்ல, லாட் எண்ணிக்கையும் ஏறுகிறது. ஆகவே சேதம் வேகமாக வருகிறது. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் பங்கு ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்திருந்தார்கள். இத்தனை பேருக்கும் திறமை இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். இவர்களில் எத்தனை பேருக்கு நடுவில் ஒரு பத்து வெற்றி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் படம் மாறுகிறது.

லாட் ஏறுவதற்கு இன்னொரு சறுக்குப் பாதையும் உண்டு. ரிச்சர்ட் தேலரும் எரிக் ஜான்சனும் 1990-ல் காட்டினார்கள்: முன்பு ஜெயித்த பணத்தைப் பணயம் வைக்கும்போது மக்கள் வழக்கத்தைவிடத் துணிந்து ஆடுகிறார்கள். நம் வியாபாரி அந்த 80,000 ரூபாயை ‘சந்தை கொடுத்த பணம்’ என்று மனத்துக்குள் தனிப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். போனாலும் முதல் 10 லட்சம் பத்திரம் என்று நினைக்கிறார். பன்னிரண்டு லாட்டின் நஷ்டம் அந்தப் பெட்டியோடு நிற்காது என்பதை அவர் கணக்குப் பார்க்கவில்லை.

இனி அண்மைச் சார்பு. கடைசியாக நடந்ததற்கு மனம் கூடுதல் எடை கொடுக்கிறது என்பது எல்லாரும் சொல்லும் விளக்கம். அது இங்கே இரண்டு இடங்களில் வேலை செய்கிறது. ஒன்று, விலையைப் பற்றிய நினைவு. திங்கட்கிழமை மாலை நம் வியாபாரியின் கண்முன் இருப்பது 733 புள்ளிகள் ஏறிய ஒரு நாள். கருத்துக்கணிப்பு, தொலைக்காட்சி, நண்பர்கள் என்று எல்லாம் ஒரே பக்கம். 22,500 என்றால் 760 புள்ளிகளுக்கும் மேல் கீழே இருக்கிறது. அங்கே எப்படிப் போகும்? உண்மையில் அதற்கு முந்தைய வியாழக்கிழமை, மே 30 அன்று, நிஃப்டி முடிந்ததே 22,488-ல்தான். நான்கு நாட்களுக்கு முன் நின்ற இடம் திங்கட்கிழமையின் ஏற்றத்தில் மங்கிப்போகிறது.

இரண்டாவது இடம் தன் சொந்த லாப நஷ்டப் பட்டியல். ஹெட்ஜுக்குக் கொடுத்த காசு ஆறு முறையும் வீணாயிற்று. கடைசி ஆறு வரிகளை மட்டும் பார்த்தால் அது வெறும் செலவு. ஆகவே அதை நிறுத்துகிறார். யாரும் கவனிக்காமல் ஆபத்து உள்ளே வருவது இந்தக் கதவு வழியாகத்தான் என்பது என் எண்ணம். லாட்டைக் கூட்டும்போதாவது கை கொஞ்சம் தயங்கும். ஹெட்ஜை விடும்போது சிக்கனம் செய்வதுபோலத் தோன்றுகிறது.

அண்மைச் சார்பை முழு மடமை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சந்தையின் ஆட்டம் கொத்துக் கொத்தாக வரும். பெரிய அசைவுள்ள நாளுக்குப் பின் பெரிய அசைவு வர வாய்ப்பு கூடுதல். அமைதியான நாளுக்குப் பின் அமைதி. ஆகவே கடைசிச் சில நாட்களின் அசைவைப் பார்த்து அடுத்த நாளின் அசைவை மதிப்பிடுவது நியாயமான வேலை. அப்படிப் பார்த்திருந்தால் 733 புள்ளிகள் ஏறிய திங்கட்கிழமை மாலை லாட்டைக் குறைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அது பெரிய அசைவு. நம் வியாபாரி அசைவின் அளவை விட்டுவிட்டுத் திசையை எடுத்துக்கொண்டார். அண்மைத் தகவலில் எது பயன்படும், எது பயன்படாது என்பதை மனம் தலைகீழாகப் பிரித்துவிடுகிறது.

சரி, செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கணக்கில் பார்ப்போம். 22,500 புட்டை 100 ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். அப்போது நிஃப்டியில் ஒரு லாட் என்பது 25 யூனிட். பன்னிரண்டு லாட்டுக்கு வரவு 30,000 ரூபாய். இந்த நிலைக்குப் புரோக்கர் ஈடாகப் பிடித்து வைக்கும் மார்ஜின் ஏறக்குறைய எட்டு லட்சம் என்று கொண்டால், கையில் மிச்சம் 2,80,000.

காலையில் நிஃப்டி 22,500-க்குக் கீழே இறங்கியதும் புட்டின் விலை ஓடத் தொடங்குகிறது. நிஃப்டி 21,700-க்கு வரும்போது அந்தப் புட்டின் உள்ளடங்கிய மதிப்பே, அதாவது 22,500-க்கும் நிஃப்டிக்கும் உள்ள வித்தியாசமே, 800 ரூபாய். இன்னும் இரண்டு நாள் மிச்சம், சந்தையில் பதற்றம். ஆகவே மேலே ஒரு 100 ரூபாயாவது சேரும். 100-க்கு விற்றதை 900-க்குத் திரும்ப வாங்க வேண்டும். ஒரு யூனிட்டுக்கு 800 ரூபாய் நஷ்டம். 25 பெருக்கல் 12 என்றால் 2,40,000 ரூபாய். அதே நேரத்தில் சந்தை ஆட்டம் கூடியதால் மார்ஜின் தேவையும் ஏறுகிறது. மிச்சமிருந்த 2,80,000 இரண்டு பக்கமும் கரைகிறது. பற்றாக்குறை வந்ததும் புரோக்கரின் ஆபத்து மேலாண்மைப் பிரிவு யாரையும் கேட்காமல் நிலையை முடித்துவிடும். அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. நிலையை முடிக்க அவர்கள் வாங்கும் விலையும் திரையில் தெரியும் விலையாக இருக்காது. எல்லாரும் ஒரே நேரத்தில் புட்டைத் திரும்ப வாங்க ஓடும்போது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே பள்ளம் விழுந்திருக்கும்.

விலை ஒரு அளவைத் தொட்டதும் தானாக வெளியேற்றும் ஸ்டாப் லாஸ் போட்டிருந்தால் தப்பியிருக்கலாமே என்று கேட்கலாம். சில நாட்களில் தப்பலாம். ஆனால் ஆப்ஷன்களுக்கு, எந்த விலையானாலும் வாங்கிவிடும் ஸ்டாப் லாஸ் மார்க்கெட் ஆர்டரைத் தேசியப் பங்குச் சந்தை 2021-லேயே எடுத்துவிட்டது. மிச்சமிருப்பது ஒரு விலை வரம்புக்குள் மட்டும் வாங்கும் ஸ்டாப் லாஸ் லிமிட். விலை அந்த வரம்பைத் தாவிக் குதித்துவிட்டால் ஆர்டர் நிறைவேறாமல் அப்படியே கிடக்கும். ஜூன் 4 போன்ற நாளில் விலை நடந்து வருவதில்லை.

ஆக, 10,80,000 ரூபாய் 8,40,000 ஆகிவிட்டது. ‘சந்தை கொடுத்த பணம்’ என்ற பெட்டியைப் போல மூன்று பெட்டிகள் காலி.

அதே வேளையில் மூன்று லாட்டோடு நின்றவரைப் பாருங்கள். அவருக்கும் ஹெட்ஜ் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். நிஃப்டி 21,281-ல் இருந்தபோது அவருடைய காகித நஷ்டம் உள்ளடங்கிய மதிப்பை மட்டும் கணக்கிட்டாலே ஏறக்குறைய 84,000 ரூபாய். வயிற்றைக் கலக்கும் தொகைதான். ஆனால் அவருடைய மார்ஜின் இரண்டு லட்சம் அளவில் இருக்கும். கையில் எட்டு லட்சம் சும்மா இருக்கிறது. யாரும் அவரை வெளியேற்றவில்லை. வியாழக்கிழமை புட் பூஜ்யத்தில் முடிய, 7,500 ரூபாய் அவருக்கு லாபம்.

இப்போது மூன்றாவது பிழை. சூதாடியின் பிழை எனப்படுவது, தொடர்ந்து ஒரே முடிவு வந்துவிட்டால் அடுத்தது எதிராக வந்தே தீரும் என்ற நம்பிக்கை. நாணயத்தை ஐந்து முறை சுண்டி ஐந்தும் தலை விழுந்தால் ஆறாவது பூ விழ வேண்டும் என்று தோன்றுகிறதே, அதுதான். நாணயத்துக்கு நினைவு கிடையாது.

முதல் பார்வையில் இது அண்மைச் சார்புக்கு நேர்மாறானது. அது நடந்ததே தொடரும் என்கிறது. இது நடந்தது திரும்பும் என்கிறது. ஒரே ஆள் இரண்டையும் எப்படி ஒருசேர நம்ப முடியும்? ரேச்சல் குரோசனும் ஜேம்ஸ் சண்டாலியும் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஒரு சூதாட்ட விடுதியின் பாதுகாப்புக் கேமரா பதிவுகளைப் பார்த்து 2005-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. ரூலெட் மேசையில் ஒரே நிறம் ஐந்து முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து வந்த பிறகு ஆட்டக்காரர்கள் எதிர் நிறத்தில் பணம் கட்டினார்கள். அதே மேசையில், தாங்கள் ஜெயித்த சுற்றுக்கு அடுத்த சுற்றில் கூடுதல் எண்களின் மேல் கட்டினார்கள். சக்கரம் திரும்பும் என்றும், தன் ராசி தொடரும் என்றும் நம்பினார்கள். உலகத்துக்கு ஒரு விதி, தனக்கு ஒரு விதி.

நம் வியாபாரியும் அப்படியே. நிஃப்டி ஏறிக்கொண்டேயிருந்தால் ‘இவ்வளவு ஏறியது, இனி இறங்க வேண்டும்’ என்பார். தன் கணக்கு ஏறிக்கொண்டேயிருந்தால் ‘இப்போது நன்றாகப் பிடிபடுகிறது, லாட்டைக் கூட்டலாம்’ என்பார். பத்து வெற்றிகள் வந்துவிட்டதே, பதினொன்றாவது தோல்வியாக இருக்க வேண்டாமா என்று அவர் தன் கணக்கைப் பார்த்துக் கேட்பதில்லை. அப்படிக் கேட்டாலும் அது தவறுதான். ஆனால் குறைந்தபட்சம் பணத்தைக் காப்பாற்றும் தவறாக இருந்திருக்கும்.

சந்தையில் இந்தப் பிழை ரூலெட்டைவிடக் கொடியது. ஏனென்றால் சில சமயம் அது பலிக்கிறது. அந்த ஜூன் வாரத்தையே பாருங்கள். மே 24 முதல் 30 வரை நிஃப்டி தொடர்ந்து ஐந்து நாட்கள் இறங்கியது. ‘இனி ஏறித்தான் ஆக வேண்டும்’ என்று வாங்கியவருக்கு மே 31 அன்று 42 புள்ளிகளும் ஜூன் 3 அன்று 733 புள்ளிகளும் கிடைத்தன. அந்த 733 ஏறக் காரணம் கருத்துக்கணிப்பு. ஐந்து நாள் இறங்கியதற்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் அவருடைய நினைவில் விதி வென்றதாகப் பதிந்துவிடும். செவ்வாய்க்கிழமை நிஃப்டி சரிந்ததும் அதே விதியோடு வாங்கியவருக்குப் புதன்கிழமை 735 புள்ளிகள். இரண்டு முறை பலித்துவிட்டது.

இப்போது 2,40,000 ரூபாயை இழந்து புதன்கிழமை மாலை உட்கார்ந்திருக்கும் நம் வியாபாரி வருகிறார். ஒரே நாளில் 735 புள்ளிகள் ஏறியிருக்கிறது. அரசு அமைவதே கூட்டணிக் கட்சிகளின் கையில். ‘இவ்வளவு ஏறியது நிற்காது, நாளை இறங்கும்’ என்று புட் வாங்குகிறார். இந்த முறை விற்கவில்லை, வாங்குகிறார். இழந்ததை ஒரே அடியில் மீட்க வேண்டுமே. வியாழக்கிழமை நிஃப்டி 201 புள்ளிகள் ஏறியது. வெள்ளிக்கிழமை மேலும் 468 ஏறி 23,290-ல் முடிந்தது. திங்கட்கிழமை முடிந்த இடத்தைவிட அது மேலே.

விலைகள் நாணயம் போலவே முழுக்கத் தற்செயலானவை என்றும் நான் சொல்லவில்லை. சில காலங்களில் ஏறுமுகம் தொடரும். பீதியில் விழுந்த விலை ஓரளவு மீளும். ஆனால் ‘ஐந்து நாள் இறங்கியது’ என்ற ஒரே தகவலை வைத்து ஆறாவது நாளைச் சொல்ல முடியாது. காரணத்தைச் சொல்ல முடிந்தால் அது கணிப்பு. எண்ணிக்கையை மட்டும் காரணமாகச் சொன்னால் அது சூதாடியின் பிழை. டிரேடிங் டைரியில் ‘ஏன் எடுத்தேன்’ என்ற இடத்தில் நாட்களின் எண்ணிக்கையோ ‘இவ்வளவு’ என்ற சொல்லோ இருந்தால் போதும், அடையாளம் தெரிந்துவிடும்.

மற்ற இரண்டையும் கண்டுபிடிக்கவும் டைரிதான் வழி. மனத்தைக் கேட்டால் அது நிதானமாக இருப்பதாகத்தான் சொல்லும். லாப நஷ்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு வியாபாரத்துக்கும் எதிரே லாட் எண்ணிக்கை, அன்றைய முதலீடு, ஹெட்ஜ் உண்டா இல்லையா என்ற மூன்றை மட்டும் வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும். முதலீடு எட்டு சதவீதம் வளர்ந்த காலத்தில் லாட் நான்கு மடங்கானது அங்கே பளிச்சென்று தெரியும். ஹெட்ஜ் மறைந்த வரியும் தெரியும். ஸ்ட்ரைக் விலை நிஃப்டியை நோக்கி மெல்ல மெல்ல நகர்ந்து வந்திருந்தால் அதுவும் அதே நோயின் இன்னொரு முகம்தான்.

லாட்டைத் தீர்மானிக்க வெற்றி எண்ணிக்கை தேவையே இல்லை. நாளை நிஃப்டி ஆறு சதவீதம் விழுந்தால் எவ்வளவு போகும் என்று கேட்டால் போதும். 23,264-ல் ஆறு சதவீதம் என்றால் 1,396 புள்ளிகள். நிஃப்டி 21,868-க்கு வரும். 22,500 புட்டில் 632 ரூபாய் உள்ளடங்கிய மதிப்பு. வாங்கிய 100-ஐக் கழித்தால் 532. லாட்டுக்கு 13,300 ரூபாய். ஒரே நாளில் முதலீட்டில் நான்கு சதவீதத்துக்கு மேல் இழக்கத் தயாரில்லை என்றால் 10 லட்சத்துக்கு 40,000. அதை 13,300-ஆல் வகுத்தால் மூன்று லாட். பத்து வெற்றிக்குப் பிறகு 10,80,000 இருந்தாலும் விடை மூன்றுதான். நான்காவது லாட்டுக்கு இன்னும் இரண்டரை லட்சம் வேண்டும். ஆறு சதவீதம் என்ற எண் கடைசி வரம்பும் அல்ல. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஏறக்குறைய 13 சதவீதம் விழுந்தது. அப்படிப்பட்ட நாளுக்கு லாட்டைக் குறைப்பது மட்டும் போதாது, ஹெட்ஜும் வேண்டும்.

இங்கே மூன்று லாட்காரரிடம் திரும்ப வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவர் தப்பித்தது அவருக்கே ஆபத்து. அவருடைய பட்டியலில் பதினொன்றாவது வரியாக 7,500 ரூபாய் லாபம் ஏறியிருக்கிறது. அந்த வரியைப் பார்க்கும் யாருக்கும் செவ்வாய்க்கிழமை தெரியாது. ‘பயப்படாமல் வைத்திருந்தால் திரும்பிவிடும்’ என்ற பாடம் அவர் மனத்தில் பதிந்திருக்கும்; அடுத்த முறை நிலை திரும்பாமல் போகும் வாரத்தில் அது அவரைக் கொல்லும். ஆகவே டைரியில் இன்னொரு கட்டம் தேவை: அந்த வியாபாரம் நடந்துகொண்டிருந்தபோது காகித நஷ்டம் அதிகபட்சம் எவ்வளவு போனது. அவர் அங்கே 84,000 என்று எழுத வேண்டும். 7,500 சம்பாதிக்க 84,000 வரை கீழே போய் வரும் வியாபாரம் என்றால், ஒவ்வொரு தோல்வியும் அந்த அளவுக்கு இருக்கும் பட்சத்தில், நூற்றுக்கு 92 தடவை ஜெயித்தால்தான் போட்ட காசு திரும்பும். அவர் இதுவரை ஆடியது பதினொன்று.